ஜானகிராமன் எந்த எழுத்தில் இருக்கிறார்?

ஓர் ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலில் ‘மோகமுள்’ளைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தி. ஜானகிராமன் என்பது தெரியும். விரல் எங்கே போகும்? சிலருக்குத் ‘த’ வரிசைக்குப் போகும், சிலருக்கு ‘ஜ’வுக்கு. இரண்டு வகைப் பட்டியலும் நம் பல்கலைக்கழக அலமாரிகளில் இருக்கின்றன. ஒரே பட்டியலுக்குள் இரண்டும் கலந்து கிடப்பதும் உண்டு. அதுதான் மோசம்.

பெயரை முன்பின்னாக மாற்றி, நடுவில் காற்புள்ளி வைத்து எழுதும் பழக்கம் ஆங்கில நூல்களிலிருந்து நமக்கு வந்தது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் பின்னால் நிற்கும். பட்டியலில் அதை முன்னுக்கு இழுப்பார்கள். நமக்கோ முன்னால் நிற்பது அப்பா பெயர், அல்லது ஊரும் அப்பா பெயரும். கடைசியில் நிற்பதுதான் அந்த ஆளின் சொந்தப் பெயர். ‘ஜானகிராமன், தி.’ என்று எழுதும்போது நாம் முன்னுக்குக் கொண்டுவருவது குடும்பப் பெயரை அல்ல, அவருக்கு வைத்த பெயரையே. காரணம் வேறு என்றாலும் உருவம் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

நூலகர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1978இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பெயர்களுக்குத் தனியே ஒரு விதி உண்டு. குடும்பப் பெயர் என்று ஒன்றை அவரே பயன்படுத்தாதவரை, சொந்தப் பெயரில்தான் பதிவு. முன்னால் நிற்கும் ஊரும் தந்தை பெயரும் காற்புள்ளிக்குப் பின்னால் போய்விடும்.

இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இனிஷியலை வைத்து அடுக்கிப் பாருங்கள், தெரியும். நம்மில் பாதிப்பேர் இனிஷியலைத் தமிழில் போடுகிறோம், மீதிப்பேர் ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதுகிறோம். எஃப், எல், எம், என், எஸ், எக்ஸ் என்று ஆறு ஆங்கில எழுத்துகள் நம் எழுத்தில் ‘எ’வில் தொடங்குகின்றன. இனிஷியல் வரிசையில் போனால் ‘எ’ வீங்கிப்போகும். சரவணப்பெருமாளின் மகன் வையாபுரிப்பிள்ளை ‘எஸ்.’ போட்டுக்கொண்டதால் ‘எ’வுக்குப் போவார்; ‘ச.’ போட்டிருந்தால் ‘ச’வில் இருந்திருப்பார். ஆள் ஒருவர்தான், அப்பாவும் ஒருவர்தான்.

ஒரு சின்னப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுக்கிப் பார்ப்போம். உ.வே. சாமிநாதையர், தி. ஜானகிராமன், க.நா. சுப்ரமண்யம், மயிலை சீனி. வேங்கடசாமி, சுந்தர ராமசாமி, வை.மு. கோதைநாயகி, எஸ். வையாபுரிப்பிள்ளை, ரா.பி. சேதுப்பிள்ளை, அம்பை.

முதலில் ஒவ்வொரு பெயரிலும் சொந்தப் பெயர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நம் மக்களின் வாய்வழக்கே துணை. உ.வே.சா., க.நா.சு., சு.ரா., தெ.பொ.மீ., கி.ரா. என்று நாம் சுருக்கும்போது கடைசி எழுத்து சொந்தப் பெயருடையது. சுந்தர ராமசாமியில் ‘சுந்தர’ பெயரின் முற்பாதி என்று நினைத்து ‘சு’வில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அப்பா பெயரின் விரிவு. அதனால்தான் அவர் சு.ரா. மயிலை சீனி. வேங்கடசாமியிலும் ‘மயிலை’ ஊர், ‘சீனி.’ தந்தை பெயரின் பாதி. ‘மயிலை’ என்பது பெயராகவே காதில் விழுவதால் பலர் அவரை ‘ம’வில் விட்டுவிடுகிறார்கள். வை.மு. கோதைநாயகிக்கு முன்னால் இருப்பது அப்பா பெயர்கூட இல்லை, கணவர் வீட்டு வை.மு. அது காற்புள்ளிக்குப் பின்னால்தான் போகும். அம்பைக்கு இந்தத் தொல்லையே இல்லை. புனைபெயர் ஒற்றைச் சொல். ஆனால் அவர் ஆங்கிலத்தில் ஆய்வு எழுதும்போது சி.எஸ். லக்ஷ்மி. இரண்டும் உங்கள் பட்டியலில் வந்தால், இரண்டு இடத்திலும் ‘மேலும் பார்க்க’ என்று ஒரு வரி போட வேண்டும்.

இப்போது அடுக்கினால் வரிசை இப்படி வரும்:

அம்பை
கோதைநாயகி, வை.மு.
சாமிநாதையர், உ.வே.
சுப்ரமண்யம், க.நா.
சேதுப்பிள்ளை, ரா.பி.
ராமசாமி, சுந்தர
வேங்கடசாமி, மயிலை சீனி.
வையாபுரிப்பிள்ளை, எஸ்.
ஜானகிராமன், தி.

ஜானகிராமன் கடைசிக்குப் போனது ஏன் என்று கேட்பீர்கள். தமிழ் அகராதி மரபில் ‘ன’ வரை பதினெட்டு மெய் முடிந்தபிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ வரும். கணினி அப்படிச் செய்யாமல் போகலாம். ஒருங்குறியில் எழுத்துகளுக்குத் தந்த எண்களை அப்படியே வைத்து அடுக்கும் மென்பொருளில் ‘ஜ’ வந்து ‘ச’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஜானகிராமன் சேதுப்பிள்ளைக்கும் ராமசாமிக்கும் நடுவே வந்துவிடுவார். அந்த எண்வரிசையில் ‘ற’ வருவது ‘ர’வுக்குப் பிறகு, ‘ன’ வருவது ‘ந’வுக்குப் பிறகு. ஆகவே கு. அழகிரிசாமிக்கு முன்னால் க.ப. அறவாணன் வந்து நிற்பார். அகராதிப்படி ழகரம் முந்தி, றகரம் பிந்தி. பட்டியலைக் கணினி அடுக்கித் தந்ததும் இந்த மாதிரி இரண்டு பெயரைப் பார்த்தாலே எந்த வரிசை என்று தெரிந்துவிடும். அடுக்கும் வசதியில் மொழியைத் தமிழ் என்று அமைக்க வழியிருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வழியில்லை என்றால், பட்டியல் சிறியதானால் கையால் மாற்றுவதே வேகம்.

‘ஜ’ வில்லங்கம் இதோடு நிற்காது. மு.வ. சில அட்டைகளில் வரதராசன், சிலவற்றில் வரதராசனார், சில இடங்களில் வரதராஜன். மூன்றையும் அட்டையில் கண்டபடியே தட்டினால் ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து நிற்பார். உ.வே.சா.வைச் ‘சாமிநாதையர்’ என்றால் ‘ச’, ‘ஸ்வாமிநாதையர்’ என்றால் பட்டியலின் கடைக்கோடி. இராமசாமி என்றால் ‘இ’, ராமசாமி என்றால் ‘ர’. நூலக அறிவியலுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1934இல் பட்டியலாக்கத்துக்கே ஒரு விதிநூல் எழுதியவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். தமிழ்ப் பாடநூல் நடையில் அவர் சீ.இரா. அரங்கநாதன். அதாவது ரங்கநாதனைத் தேட ‘அ’வுக்கும் போக வேண்டும், ‘ர’வுக்கும் போக வேண்டும்!

இதற்கு ஒரே வழி, ஒருவருக்கு ஒரு வடிவம் என்று தீர்மானித்து, பதிவெல்லாம் அதன் கீழே வைப்பது. மற்ற வடிவங்களில் வெறும் பெயரும் ‘பார்க்க’ என்ற சொல்லும் போதும். நூலில் அச்சாகியுள்ள வடிவத்தை மாற்ற மனமில்லை என்றால், தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாம்.

அடுத்தது சாதிப் பெயர். வையாபுரிப்பிள்ளையில் ‘பிள்ளை’ குடும்பப் பெயர் இல்லை. ஆனால் ‘வையாபுரிப் பிள்ளை’ என்று இடைவெளி விட்டு எழுதி ஒரு மேற்கோள் மென்பொருளிடம் கொடுத்தால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொண்டு ‘பிள்ளை, எஸ். வையாபுரி’ என்று திருப்பித் தரும். சேதுப்பிள்ளையும் அங்கேயே வந்து சேர, ‘ப’ வரிசையில் ஒரு பிள்ளைமார் கூட்டமே கூடிவிடும். சோழர் வரலாறு எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஆங்கில நூற்பட்டியல்களில் சில இடங்களில் சாஸ்திரியாகவும் சில இடங்களில் நீலகண்டராகவும் கிடைப்பதற்கு இதுதான் காரணம். சாதிப் பெயர் சொந்தப் பெயரோடு ஒட்டியே போக வேண்டும்: ‘நீலகண்ட சாஸ்திரி, கே.ஏ.’ மென்பொருளில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதற்கட்டத்தில் ‘நீலகண்ட சாஸ்திரி’ முழுவதையும், இரண்டாவதில் இனிஷியலையும் நாமே கைப்பட எழுதினால் அது தடுமாறாது.

விதிவிலக்கும் உண்டு. கா.சு. பிள்ளையின் முழுப்பெயர் கா. சுப்பிரமணிய பிள்ளை. இங்கே ‘சு.’ என்பதே சொந்தப் பெயர், இனிஷியல்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘சுப்பிரமணிய பிள்ளை, கா.’ என்று போட்டு, ‘பிள்ளை, கா.சு.’ என்ற இடத்தில் ‘பார்க்க’ வைப்பதுதான் நான் செய்வது. தொ.மு.சி. ரகுநாதனுக்கும் இதே போல, ‘சி.’ அவருடைய பெயரிலேயே உள்ள ‘சிதம்பர’. ஆனால் எல்லோரும் ரகுநாதன் என்றே சொல்வதால் அவரை ‘ர’வில் விட்டுவிடலாம். விதியைவிட வாசகர் எங்கே தேடுவார் என்பதே பெரிது. பாரதியைச் ‘சுப்பிரமணிய பாரதி, சி.’ என்று ‘ச’வில் ஒளித்து வைக்கும் ஆய்வேட்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் ‘பாரதியார்’தான்.

கடைசியாக, இனிஷியலும் காப்பாற்றாத இடம். ‘ராமகிருஷ்ணன், எஸ்.’ என்றால் யார்? 1966இல் பிறந்த, ‘உபபாண்டவம்’ எழுதிய நாவலாசிரியரா, 2020இல் மறைந்த க்ரியா பதிப்பாளரா? இருவருக்கும் அதே எழுத்து, அதே பெயர். ஒருவரின் நாவலும் மற்றவர் முன்னின்று கொண்டுவந்த தற்காலத் தமிழ் அகராதியும் ஒரே ஆள் கணக்கில் சேர்ந்துவிடும். நூலகர்கள் இத்தகைய இடத்தில் பிறந்த ஆண்டைப் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்துப் பிரிப்பார்கள். ஆய்வு மாணவரும் அதையே செய்யலாம். இல்லாவிட்டால் ‘நாவலாசிரியர்’, ‘பதிப்பாளர்’ என்றாவது ஒரு சொல் போடலாம்.

இதைச் செய்ய ஆண்டு தெரிந்திருக்க வேண்டும், இனிஷியலின் விரிவும் தெரிந்திருக்க வேண்டும். அவை நம் நூல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: உரிமைப் பக்கத்தில் விலையும் பக்க எண்ணிக்கையும் போடும்போது, ஆசிரியரின் இனிஷியலை விரித்து ஒருமுறை எழுதுங்கள், அவர் இசைந்தால் பிறந்த ஆண்டையும் சேருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வரிக்கு மேல் வராது.