“ஓகேவா?” என்று கேட்காதீர்கள்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, நாங்கள் ஆறு பேர் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் 12 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டோம். அன்று இரண்டு நண்பர்களால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ஒருவன் பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்தான். மற்றவன் மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருந்தான். முதலில் விழுந்தவனைத்தான் எல்லாரும் ஆபத்தில் இருப்பவன் என்று நினைத்தோம்.

ஏழாவது கிலோமீட்டரில் அவன் நின்றுவிட்டான். முகம் வெளுத்திருந்தது. குமட்டுகிறது, கால் பிடித்துக்கொண்டது என்றான். புல்லில் படுத்தவுடன் அவன் சொன்ன முதல் வார்த்தை, “டேய், என் வாட்ச்சை நிறுத்து, நேரம் ஓடுது.” கேலியாகத் தெரிந்தாலும் அந்த ஒரு வாக்கியமே அவன் நிலையைச் சொல்லிவிட்டது. தான் யார், எங்கே இருக்கிறோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். தேறிவிட்டான். அது வெறும் களைப்பு. ஓடும்போது காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ள உதவுவது கால் தசைகள்தான். திடீரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். ஓட்டம் முடிந்த பிறகு மயங்கிச் சரியும் பலருக்கு நடப்பது இதுதான்.

மற்றவன் விழவே இல்லை. பத்தாவது கிலோமீட்டரில் அவன் நேர்கோட்டில் ஓடாமல் அலைவதைக் கவனித்தேன். “ஓகேவா டா?” என்றேன். “ஓகே, ஓகே” என்றான். நானும் நம்பிவிட்டேன். யார் கேட்டாலும் நாக்கு தானாகச் சொல்லிவிடும் பதில் அது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “இங்கே ரைட்டுல திரும்பணும்” என்று சண்டை போட்டான். வலப்பக்கம் கடல். “நாம எங்கேர்ந்து ஓடத் தொடங்கினோம், சொல்லு” என்று கேட்டதற்கு, சார்ஜென்ட் காத்துக்கொண்டிருக்கிறார், போகவேண்டும் என்றான். அவன் தேசிய சேவையை முடித்து ஓராண்டாகிவிட்டது.

ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்கு இப்படித்தான் தொடங்குகிறது. உடலின் உட்பகுதி ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. குழப்பம், எரிச்சல், பொருந்தாத பேச்சு, தள்ளாட்டம், கடைசியில் மயக்கம் அல்லது வலிப்பு. களைத்தவனுக்கு உடல் முடியாமல் போகும், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும். வெப்பத்தாக்கில் புத்திதான் முதலில் தவறும், கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். எங்கே தொடங்கினோம், திங்கட்கிழமை முதல் வகுப்பு எது என்பதுபோல் யோசித்துச் சொல்லவேண்டியதைக் கேளுங்கள்.

தோல் சூடாகவும் வறண்டும் இருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று உயர்நிலைப் பள்ளியில் படித்ததாக ஞாபகம். வெயிலில் வாடும் முதியவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், ஓடுபவர்களுக்குப் பொருந்தாது. என் நண்பனின் சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. நெற்றியில் காட்டும் வெப்பமானியையும் நம்பமுடியாது. வியர்வையில் குளிர்ந்த தோலைத்தான் அது அளக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அல்ல. ஓடிக்கொண்டிருந்தவர் தாறுமாறாகப் பேசுகிறார் என்றால், அளந்து பார்க்கக் காத்திருக்காமல் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். உண்மையில் வேறு காரணமாக இருந்தாலும், சிறிது நேரம் குளிரவைப்பதால் பெரிய கெடுதல் வராது. வெப்பத்தாக்காக இருந்து குளிரவைக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

நாங்கள் முதலில் செய்தது தவறு. பெஞ்சில் உட்காரவைத்து ஐசோடானிக் பானத்தை வாயில் வைத்தோம். குழப்பத்தில் இருப்பவருக்குப் புரையேறிவிடும், குடிக்கக் கொடுக்கக்கூடாது. அப்படியே குடித்தாலும் ஒரு போத்தல் பானம் 40 டிகிரி உடலைக் குளிரவைத்துவிடாது. சில நிமிடங்கள் அதிலேயே போயின. பிறகுதான் பின்னால் வந்த தாதிமைப் படிப்பு மாணவி ஒருவர், எங்களுக்கு அக்கா மாதிரி, கத்தினார்: “ஒருத்தர் 995க்குப் போன் போடுங்க. மத்தவங்க அவனைக் குளிப்பிடத்துக்குத் தூக்குங்க!”

கடற்கரையோரம் இருக்கும் அந்தத் திறந்தவெளிக் குளிப்பிடம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது. சட்டையையும் காலணியையும் கழற்றி, நீருக்கடியில் படுக்கவைத்தோம். இருவர் உணவங்காடி நிலையத்துக்கு ஓடினார்கள். பானக் கடைக்காரர் ஒரு வாளி நிறைய ஐஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை. துண்டுகளையும் எங்கள் சட்டைகளையும் ஐஸ் தண்ணீரில் முக்கித் தலை, கழுத்து, மார்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் போர்த்தினோம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் திரும்ப முக்கவேண்டும் என்று அக்கா விடவே இல்லை. போட்ட துணி உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், அப்படியே விட்டால் போர்வை மாதிரி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். விசிறினோம். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், விசிறல் மட்டும் போதாது.

இவற்றைவிட வேகமான வழி, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி இறங்கும். ஒருவர் பின்னாலிருந்து தாங்கித் தலையை நீருக்கு மேல் பிடித்திருக்கவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கோடையில் நடக்கும் ஃபால்மத் சாலை ஓட்டத்தில், முடிவுக்கோட்டருகே ஐஸ் தொட்டிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். அங்கே 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்குச் சிகிச்சை பெற்ற 274 பேரும் பிழைத்ததாக 2015ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. முதலில் குளிரவை, பிறகு கொண்டுபோ என்பதே அவர்களின் முறை. சரிந்து அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவது இலக்கு. டாக்சி பிடித்து நாமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக நினைத்தால் அந்த அரை மணி நேரமும் சாலையிலேயே கழிந்துவிடும்.

பேனடால் கொடுக்கலாமா என்று எங்களில் ஒருவன் கேட்டான். கூடாது. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதை இறக்குகிறது. இங்கே தசைகள் உண்டாக்கிய சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. மருந்துக்கு அதில் வேலையில்லை.

சுமார் பத்து நிமிடத்தில் அவன் என் பெயரைச் சொன்னான். எழுந்து உட்காரப் பார்த்தான். போதும் என்று நிறுத்தத் தோன்றியது, ஆனால் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தெளிந்துவிட்டு மீண்டும் மோசமாவது உண்டு. மருத்துவ வண்டியில் வந்தவர்கள் பொறுப்பேற்கும்வரை துண்டு மாற்றிக்கொண்டே இருந்தோம். நினைவிழந்து மூச்சு மட்டும் விட்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்திருப்போம். மூச்சே நின்றிருந்தால் துண்டைப் போட்டுவிட்டு உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்கியிருக்கவேண்டும். தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்கும் அனுப்பியிருக்கக்கூடாது. கல்லீரல், சிறுநீரகம், தசைகளுக்கு ஏற்பட்ட பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனையில் தெரியவரலாம். மூன்று இரவுகள் அவனை வைத்திருந்தது அதற்காகத்தான்.

பிறகு யோசித்தால், அறிகுறிகள் அன்று காலையிலேயே இருந்தன. அவனுக்கு அந்த வாரம் காய்ச்சல். முந்தின இரவு அசைன்மென்ட் முடிக்க விழித்திருந்தான். எங்களில் வேகமானவனோடு ஒட்டிக்கொண்டு ஓடினான். தண்ணீர் நன்றாகத்தான் குடித்திருந்தான், அது அவனைக் காக்கவில்லை.

இப்போது புறப்படும் முன் இந்த வாரம் யாருக்குக் காய்ச்சல் இருந்தது என்று கேட்டுவிடுகிறோம். ஓடும் பாதையில் குளிப்பிடம் எங்கே, ஐஸ் எங்கே கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். 995க்குப் பேசுபவர் சொல்ல வசதியாக, கடந்துபோகும் கார் நிறுத்துமிடத்தின் எண்ணையும் பார்த்துவைக்கிறோம். அன்று போன் பேசியவனுக்கு, “கடற்கரையில, பிடோக் ஜெட்டி பக்கம்” என்பதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.