ஓட்டல் பில்லும் ஒரு சதவீதமும்

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லை, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு 840 ரூபாய். அதன் கீழே சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம். இந்தத் தொகைகள் சரிதானா என்று பார்க்கச் சூத்திரம் எதுவும் வேண்டாம். 840 ரூபாயில் ஒரு சதவீதம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஒரு ரூபாய்க்கு நூறு பைசா. அப்படியானால் ஒரு ரூபாயில் ஒரு சதவீதம் ஒரு பைசா. 840 ரூபாயில் ஒரு சதவீதம் 840 பைசா, அதாவது 8 ரூபாய் 40 பைசா. புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்தும் வழியைவிட இதை முதலில் சொல்லித் தருவதே நல்லது என்பது என் கருத்து. புள்ளியை நகர்த்த மட்டும் கற்ற பிள்ளை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று மறந்துவிடும். பைசா கணக்கு மறக்காது.

இனி 8.40 தான் நம் அளவு. ஐந்து சதவீதம் வேண்டுமா? ஐந்து மடங்கு, 42 ரூபாய். இரண்டரை சதவீதத்துக்கு இரண்டு மடங்கு 16.80, அதோடு பாதி 4.20, ஆக 21 ரூபாய். பில்லில் 21, 21 என்று இருமுறை வந்து மொத்தம் 882 ஆனால் கணக்கு சரி. நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள அறைகள் இருக்கும் ஓட்டலுக்குள் சாப்பிட்டால் வரி 18 சதவீதம். அதற்கும் அதே வழிதான்: பத்து மடங்கு 84, எட்டு மடங்கு 67.20, சேர்த்தால் 151.20.

பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் இரண்டு. பத்து சதவீதத்துக்குப் பத்தால் வகுத்துப் பழகியவர்கள், ஐந்து சதவீதத்துக்கு ஐந்தால் வகுத்து 168 என்பார்கள். பத்து சதவீதமே 84 தானே, அதில் பாதியாக வரவேண்டியது எப்படி இரட்டிப்பாகும் என்று கேளுங்கள், பிள்ளையே திருத்திக்கொள்ளும். இன்னொன்று, 8.40 என்பதை 8 என்று சுருக்கிவிட்டுப் பெருக்குவது. அப்படிச் செய்தால் 18 சதவீதம் 144 ஆகிவிடும், ஏழு ரூபாய்க்கு மேல் குறையும். சுருக்குவதாக இருந்தால் கடைசியில்தான் சுருக்க வேண்டும்.

சில பில்களில் சாப்பாட்டுத் தொகைக்கும் வரிக்கும் நடுவே சேவைக் கட்டணம் என்று ஒன்று நுழைந்திருக்கும். பத்து சதவீதம் என்றால் 84 ரூபாய். அதோடு நிற்பதில்லை. ஜிஎஸ்டி இப்போது 840க்கு அல்ல, 924க்குப் போடப்படும். ஒரு சதவீதம் 9.24 ஆகிறது, ஐந்து சதவீதம் 46.20. மொத்தம் 970.20. அதாவது 84 ரூபாய்க் கட்டணத்தால் கையை விட்டுப் போவது 88.20. எந்தத் தொகையின் ஒரு சதவீதம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கப் பழகிய பிள்ளைக்கு இது உடனே பிடிபடும்.

அந்த 88.20ஐ நீங்கள் கொடுத்தாக வேண்டியதில்லை. சேவைக் கட்டணத்தை ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கவும் கூடாது. இந்த வழிகாட்டுதல் செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்குப் போகும் ஜிஎஸ்டி வேறு, ஓட்டல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இந்தக் கட்டணம் வேறு. விரும்பினால் பரிமாறியவருக்கு நீங்களே டிப்ஸ் கொடுக்கலாம்.

வரி உட்பட 882 ரூபாய் என்று மட்டும் எழுதியிருந்தால்? 882க்கு ஐந்து சதவீதம் 44.10 என்று கண்டு அதைக் கழித்தால் 837.90 வரும், அது தவறு. சாப்பாட்டு விலை நூறு பங்கு, வரி ஐந்து பங்கு, ஆக 882 என்பது 105 பங்கு. 105ஆல் வகுத்தால் ஒரு பங்கு 8.40. நூறு பங்கு 840, வரி 42.

ஜிஎஸ்டி போட்ட பில்லில் 15 எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் தட்டினால் கடையின் பதிவு விவரம் தெரியும். காம்போசிஷன் முறையில் பதிவு செய்த சிறு ஓட்டல்கள் வரியைத் தங்கள் கையிலிருந்தே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஒரு சதவீதம்கூட வாங்க முடியாது.

சேவைக் கட்டணத்தைக் கண்டால் முதலில் பில்லை மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் பில்லைப் படமெடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கூடுதலாக வாங்கிய தொகை எவ்வளவு என்பதைப் புகாரில் பைசா வரை எழுதுங்கள். அந்தத் தொகையைப் பிள்ளையே கணக்கிட்டுத் தரட்டும்.