கார்டை வெட்டினால் கணக்கு முடியாது

கிரெடிட் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக்தான் போகும், வங்கியில் கணக்கு அப்படியே இருக்கும், ஆண்டுக் கட்டணமும் ஏறும்.

முதலில் பாக்கியைத் தீருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய பாக்கி வைத்திருந்தவர் பில் தொகை முழுவதையும் கட்டினாலும், பில் போட்ட நாளிலிருந்து கட்டிய நாள் வரைக்கான வட்டி அடுத்த பில்லில்தான் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால், இருநூறு ரூபாய்கூட தாமதக் கட்டணத்தோடு வளரும். அதனால் அடுத்த பில்லில் பூஜ்யம் வந்த பிறகே விண்ணப்பியுங்கள். தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களையும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

பாக்கி இல்லையென்றால், 7 வேலை நாட்களுக்குள் கணக்கை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். போனில் கேட்டாலும் செல்லும், ஆனால் எழுத்தில் இருப்பது நல்லது. மின்னஞ்சலில் கேட்டு, ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

ஸ்கோர் சற்றுக் குறையலாம். தலா ஒரு லட்சம் வரம்புள்ள இரு கார்டுகளில் மொத்தம் 40,000 செலவழிப்பவரின் பயன்பாடு 20 சதவீதம். ஒன்றை மூடினால் அதே செலவு 40 சதவீதம். வீட்டுக் கடன் கேட்கப்போகிறவர் கடன் கிடைத்த பிறகு மூடுவதே நல்லது.

ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். ‘செட்டில்டு’ என்றிருந்தால் விடாதீர்கள். முழுத்தொகை கட்டியவருக்கு ‘குளோஸ்டு’ என்றுதான் இருக்க வேண்டும்.