கண் ஏற்றதைக் கருவி மறுக்கும்போது

லூதியானாவில் இயங்கும் சாயப்பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கருநீலப் பருத்தித் துணி அனுப்ப ஆணை வந்திருக்கிறது. கடனில் வாங்கிய நூலும் சாயமும் துணியாகிவிட்டன. வாங்குபவர் தந்த மாதிரியுடன் நிறம் பொருந்தாவிடில் சரக்கு முழுவதும் திரும்பிவிடும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆயினும் பட்டறை, நிறமாலை ஒளிமானி எனப்படும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரிடம் தீர்ப்புக் கேட்கிறது.

முதலில் வெள்ளை ஓட்டையும் ஒளியை விழுங்கும் கறுப்புக் குழியையும் காட்டிக் கருவியைச் சரிசெய்கிறார்கள். துணி உலர்ந்து, ஆறியிருக்க வேண்டும். ஈரத்துணி உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும். பின்புறம் ஊடுருவித் தெரியாதபடி நான்காக மடித்துக் கருவியின் துளையில் வைக்கிறார்கள். நெசவின் திசை கணக்கைக் குலைக்காதிருக்கத் துணியைத் திருப்பித் திருப்பி நான்கு முறை அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

உட்புறம் வெண்மையான கோளத்தில் சிதறும் ஒளி, துணியின்மீது எல்லாத் திசைகளிலிருந்தும் விழுகிறது. திரும்பும் ஒளியைக் கருவி பிரித்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரை பத்துப் பத்தாக 31 இடங்களில் எத்தனை விழுக்காடு எதிரொளிக்கிறது என்று பதிகிறது. இந்தப் பதிவுதான் நிறத்தின் கைரேகை.

இதிலிருந்து மூன்று எண்கள் கணிக்கப்படுகின்றன: L* வெளிர்மை, a* சிவப்பா பச்சையா என்பது, b* மஞ்சளா நீலமா என்பது. பகலொளிக் கணக்கில் மாதிரி 25.0, 1.0, -18.0 என்றும், துணி 25.6, 1.2, -18.3 என்றும் வந்ததாகக் கொள்வோம். வேறுபாடுகள் 0.6, 0.2, -0.3. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.7. ஒப்பந்த வரம்பு 1.0 எனில் துணி தேறிவிட்டது.

ஆனால் கைரேகை கையில் இருப்பதால், வேறு விளக்கொளியில் அத்துணி எப்படித் தோன்றும் என்பதையும் அளவீட்டை மீண்டும் செய்யாமலே கணக்கிடலாம். மஞ்சள் குண்டுவிளக்குக்குக் கணக்கிட்டால் வேறுபாடுகள் 0.6, 1.2, -0.4 ஆகி, மொத்தம் 1.4 என வருகிறது. அந்த விளக்கின் கீழ்த் துணி செம்மை தட்டித் தெரியும். பகலில் பொருந்தி இரவில் பிரியும் இக்குறைக்குக் காரணம், மாதிரியில் உள்ள சாயங்களல்லாத வேறு சாயங்களைக் கலந்து அதே நீலத்தை எட்டியதேயாகும். இந்நிலையில் சாயத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. சாயச் சேர்க்கையையே மாற்ற வேண்டும்.

கருவிக்கும் எல்லை உண்டு. துளைக்குள் அடங்கிய பரப்பின் சராசரியையே அது கூறும். துணியில் படிந்த திட்டுகளையும், ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாட்டையும் காண, பல இடங்களில் அளக்க வேண்டும்; கண்ணாலும் பார்க்க வேண்டும். எனவே ஆணையை ஏற்கும்போதே வரம்பு எண்ணையும், எந்தெந்த விளக்கொளியில் அளப்பது என்பதையும் வாங்குபவருடன் எழுத்தில் முடிவு செய்துகொள்வது நமக்கு நல்லது.