டோக்கன் கொடுக்கும் முன் ஒரு கடிதம்

வீடு பிடித்துவிட்டது. "சார், இன்னைக்கே ஒரு டோக்கன் போட்டுடுங்க, வேற பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். பலரும் இந்த இடத்தில்தான் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு கொடுத்தோம் என்பது சீட்டில் இருக்கும். எந்தச் சூழ்நிலையில் அது திரும்பி வரும் என்பது இருக்காது. பின்னால் வரும் சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான்.

பணம் கைமாறுவதற்கு முன் விற்பவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிவிட்டால் இது தெளிவாகிவிடும். ஓர் உதாரணம் பார்ப்போம். சேலையூரில் ஒரு தனிவீடு. ஓய்வுபெற்ற தம்பதி 68 லட்சம் கேட்கிறார்கள். வீட்டின் மேல் 8 லட்சம் வங்கிக் கடன் பாக்கி, பத்திரம் வங்கியில் இருக்கிறது. வாங்குபவரால் தர முடிந்தது 63 லட்சம். அதில் 45 லட்சம் வீட்டுக் கடன்.

விலையைக் குறைத்துக் கேட்கும்போது வீட்டைக் குறை சொல்லி எழுதக் கூடாது. தரை வெடித்திருக்கிறது, வாசல் தெற்கு பார்த்தது என்று அடுக்கினால், முப்பது வருடம் அங்கே வாழ்ந்தவர்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். இப்படி எழுதலாம்: "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் வீடு எங்கள் குடும்பத்தாருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 63 லட்சம் ரூபாய் தர இயலும். முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டி வங்கி வழியாகவே தருகிறோம்." கடைசி வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். பாதியைக் கறுப்பில் வாங்கப் பயப்படுகிற விற்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குபவர் ஒரு சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இங்கே அது 63,000 ரூபாய். இதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பதிவு நாளன்று சொன்னால், கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

டோக்கன் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில் விழக்கூடும். அடுத்து நிபந்தனை: "முப்பது வருட வில்லங்கச் சான்றில் தற்போதைய வங்கி அடமானம் தவிர வேறு வில்லங்கம் இருந்தாலோ, எங்கள் வழக்கறிஞர் ஆவணங்களை ஏற்காவிட்டாலோ, வங்கி கடன் தர மறுத்தாலோ, டோக்கன் தொகையை ஏழு நாட்களுக்குள் எங்கள் கணக்கில் திருப்பித் தர வேண்டுகிறோம். இவை எதுவும் இல்லாமல் நாங்களாகப் பின்வாங்கினால் அந்தத் தொகை தங்களுக்கே உரியது." இரண்டாவது வாக்கியத்தை எழுதப் பலருக்கு மனம் வராது. ஆனால் தங்களையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை அதனால்தான் வரும்.

அதிகம் சறுக்குவது காலக்கெடுவில். "45 நாளில் பதிவு" என்று வழக்கப்படி போட்டுவிடுகிறோம். கடிதத் தேதி ஜூன் 2 என்றால் 45 நாள் ஜூலை 17இல் முடியும், ஆடி பிறந்துவிடும். ஆடியில் பத்திரம் போடப் பெரியவர்கள் சம்மதிப்பது அபூர்வம். அதோடு வங்கியில் இருக்கும் பத்திரமும் வெளியே வர வேண்டும். கடன் முழுதும் அடைந்த பிறகு 30 நாட்களுக்குள் வங்கி ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த முப்பது நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனவே தேதிகளை இப்படிப் போடலாம். பதில் ஜூன் 9க்குள். சம்மதம் வந்த இரண்டு நாளில் டோக்கன், கூடவே ஆவண நகல்கள். ஜூன் 30க்குள் விற்பனை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வழக்கமான பத்து சதவீத அட்வான்ஸ் இங்கே 6,30,000தான், 8 லட்சக் கடனுக்குப் போதாது. ஆகவே டோக்கனையும் சேர்த்து அட்வான்ஸ் 9 லட்சம் என்று எழுதி, அதில் 8 லட்சத்தை விற்பவரின் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுவதாகச் சொல்லலாம். கடன் அடைகிறது, பணம் வேறு செலவுக்குப் போகிறதோ என்ற கவலையும் இல்லை. ஜூலை இறுதிக்குள் பத்திரம் கைக்கு வந்துவிடும். ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் 31க்குள், பதிவு.

கடைசியில் இரண்டு வரி மறக்க வேண்டாம்: "இது விற்பனை ஒப்பந்தம் அல்ல. ஜூன் 9க்குள் தங்கள் சம்மதம் கிடைக்காவிட்டால் இக்கடிதம் தானாகவே காலாவதியாகும்." அவர்கள் 65 லட்சம் என்று பதில் எழுதினால் உங்கள் பழைய கடிதம் அத்தோடு முடிந்தது. விலை ஒத்துவந்தால் புதுத் தொகையுடன் இன்னொரு கடிதம் எழுதுங்கள், பழையதில் அடித்துத் திருத்தாதீர்கள். நகலில் "சம்மதம்" என்று எழுதிச் சொத்தின் உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட்டுத் தரும்வரை, புரோக்கர் எத்தனை முறை போன் செய்தாலும் டோக்கனை அனுப்பாதீர்கள்.