படம் காட்டாத பச்சை

சென்ற குறுவையில் மூன்று வயல்களின் நெல் இலைகளைப் படமெடுத்து விடுதி நண்பர்களிடம் காட்டினேன். கரும்பச்சை இலையே நலமானது என்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அவ்வயலில் யூரியா மிகுதி. இலைச்சுருட்டுப் புழு முதலில் அங்கேதான் வந்தது. இரண்டாவது இலை, நண்பகல் வெயிலில் எடுத்ததால் வெளிறித் தெரிந்தது. மூன்றாவது மஞ்சள் இலை செடியில் எங்கிருந்தது என்பதைப் படம் காட்டவில்லை. அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாகவோ வெறும் முதுமையாகவோ இருக்கலாம். குருத்திலையானால் இரும்புச்சத்துக் குறைவை ஐயுறலாம்.

எனவே இலைவண்ண அட்டையுடன் மறுபடியும் வயலுக்கே சென்றேன். காலையில், என் உடலின் நிழலில், 10 செடிகளின் நன்கு விரிந்த மேல் இலையை ஒப்பிட்டேன். அட்டையின் 4-ஆம் நிறத்தோடு பொருந்தியது, நாங்கள் வெளிறியதென்று தள்ளிய இலையின் வயலே! அதற்கு அப்போது மேலுரம் தேவைப்படவில்லை.