36 டிகிரிதானே என்று அலட்சியம் வேண்டாம்

மே மாதத்தில் கடலோர ஊர்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கட்டட வேலையிலோ, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டிலோ, தகரக் கூரை போட்ட பட்டறையிலோ ஒருவர் பிற்பகலில் தலைசுற்றி விழுகிறார். சுகர் இறங்கிவிட்டது, பிரஷர் குறைந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்லி, ஒரு சோடாவைக் கொடுத்து மின்விசிறிக்குக் கீழே படுக்க வைக்கிறார்கள். அவர் உளற ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ தேடுகிறார்கள். இறந்துவிட்டால் ‘மாரடைப்பு’ என்று எழுதி வாங்கி, மறுநாள் காலையில் தகனமும் முடிந்துவிடுகிறது. வெப்பம்தான் கொன்றது என்ற சந்தேகமே யாருக்கும் வருவதில்லை. காரணம், அன்றைய வெப்பமானி காட்டியது வெறும் 36 டிகிரி. வேலூரில் 42 அடிக்கும்போது சென்னையின் 36ஐ யார் பொருட்படுத்துவார்கள்? ஆனால் உடம்பைப் பொறுத்தவரை அந்த 36தான் பல நாட்களில் கூடுதல் ஆபத்து.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. செங்கல் சுமந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். இந்த வெப்பம் எப்படியாவது வெளியேற வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைத் தாண்டிவிட்டால், வெப்பம் தானாக வெளியே போகும் வழி அடைபட்டு, வியர்வை ஒன்றே மிஞ்சும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். இங்கே ‘ஆவியானால்’ என்பதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தை எடுத்துப்போவதில்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் தோலிலுள்ள ஈரம் எளிதில் ஆவியாகாது. 36 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும்போது வியர்வையை இழுக்க காற்றுக்கு இருக்கும் வேகம், ஈரப்பதம் 65 சதவீதமானால் பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டு நாளும் வெப்பமானி காட்டுவது அதே 36தான்.

இந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழை நனைத்த பருத்தித் துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் பிடித்தால், ஈரம் ஆவியாக ஆவியாக அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதற்குக் கீழே வெறும் ஆவியாதலால் எதையும் குளிர்விக்க முடியாது. உடம்புக்கும் அதுவே எல்லை. 36 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் அளவு 23 அளவில் நிற்கும். அதே 36 டிகிரியில் 65 சதவீதம் என்றால் 30ஐத் தாண்டும். உள்மாவட்டத்து 42 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் 24தான். கடற்காற்று வந்துவிட்டால் பிழைத்தோம் என்பதும் பாதி உண்மைதான். 37 டிகிரி, 45 சதவீதம் என்றிருந்தது கடற்காற்றால் 33 டிகிரி, 65 சதவீதம் என்று மாறினால், வெப்பமானி நான்கு டிகிரி இறங்கியிருக்கும். ஈரக்குமிழ் அளவு 27லேயே நின்றிருக்கும். அப்போது கிடைக்கும் ஆறுதலில் பெரும்பகுதி காற்றின் வீச்சால் வருவது. சுவருக்குள் அடைபட்டு வேலை செய்பவருக்கு அந்த வீச்சும் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகள் இரண்டு. மனிதனின் எல்லை ஈரக்குமிழ் 35 என்கிறார்களே, 30க்கு ஏன் பதற்றம் என்பது முதலாவது. அந்த 35, ஷெர்வுட்டும் ஹூபரும் 2010இல் கணக்கிட்ட கோட்பாட்டு எல்லை. நிழலில், ஓய்வில், வேண்டிய அளவு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஆரோக்கியமானவரும் ஆறு மணி நேரம் தாங்க முடியாது என்ற அளவு அது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆரோக்கியமானவர்களை ஆய்வறையில் வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவில், அன்றாட வீட்டு வேலை அளவுக்கு அசைந்தாலே ஈரமான சூழலில் ஈரக்குமிழ் 30, 31ஐ எட்டும்போது உடம்பின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. இளைஞர்களுக்கே இப்படியென்றால் முதியவருக்கும், இதய நோயாளிக்கும், சுமை தூக்குபவருக்கும் எல்லை இன்னும் கீழே. இரண்டாவது மறுப்பு, நாங்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பழகிவிட்டது என்பது. பழகிய உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும், அது மெய். ஆவியாகாத வியர்வையை அதிகமாகச் சுரந்து என்ன பயன்? இதனால் வறண்ட 42 டிகிரி பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே காற்றே உடம்பைச் சுடுகிறது, வியர்ப்பது தெரியாமலேயே நீர் வற்றிப்போகிறது. அது வேறு வகை ஆபத்து. ஆனால் அதற்கு எச்சரிக்கை கிடைக்கிறது, இதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எச்சரிக்கை கிடைக்காததற்கு இலக்கணமே காரணம். இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல, உச்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியாகவும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையில் வழக்கமான உச்சமே 37ஐ ஒட்டியிருப்பதால், 41 அல்லது 42 வந்தால்தான் அந்தச் சொல் வெளியே வரும். ஈரப்பதம் இந்த வரையறைக்குள் இல்லை. வெப்பமும் புழுக்கமும் அதிகரிக்கும் என்று அறிக்கையில் தனியாக ஒரு வரி வரத்தான் செய்கிறது. அந்த வரியைக் கேட்டு வேலை நேரத்தை மாற்றும் ஒப்பந்ததாரரும் இல்லை, மாற்றச் சொல்லும் அதிகாரியும் இல்லை.

ஆகவே அளவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுவரில் மாட்டும் சாதாரண ஆல்கஹால் வெப்பமானி போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 35க்குக் கீழே சரியாகக் காட்டாது. குமிழைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றி, அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரில் நனைத்து, நிழலில் விசிறிக்கு எதிரே சில நிமிடம் பிடித்து, இறங்கி நிற்கும் அளவைப் படியுங்கள். 28ஐத் தாண்டினால் கடும் உழைப்பை நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும், 30ஐத் தாண்டினால் தள்ளிப்போட வேண்டும். நேரடி வெயிலில் நிற்பவருக்கு இந்த எண்ணைவிட நிலைமை மோசம் என்றே கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள் அதிகாலை ஈரப்பதத்தையும் பிற்பகல் வெப்பநிலையையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்து அளவாக இருக்க வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது அவர் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பது. உடம்பு அனலாய்க் கொதித்து, உளறலோ மயக்கமோ இருந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். வியர்வை நின்றிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு. உழைக்கும்போது விழுபவருக்கு உடம்பெல்லாம் வியர்வையாகவே இருக்கும். புழுக்க நாளில் ஈரத்துணி போர்த்தி விசிறுவது அரைகுறையாகத்தான் உதவும், ஏனென்றால் ஆவியாதலே அங்கே முடங்கியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாதவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. மறுபடியும் சொல்கிறேன், நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வந்தவுடன் உடம்பின் உள்வெப்பநிலையை அளந்து, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அது வேண்டும், பின்னால் எல்லாக் காகிதத்துக்கும் அதுவே அடிப்படை. உடல் குளிர்ந்த பிறகு அந்த எண்ணை யாராலும் மீட்க முடியாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் மரணக் காரணத்துக்கு உரிய சான்று இருந்தால்தான். மருத்துவமனை மரணத்துக்குப் படிவம் 4, வெளியே நேர்ந்ததற்குப் படிவம் 4ஏ என்று மரணக் காரணச் சான்று இருக்கிறது. அதன் நகல் நெருங்கிய உறவினருக்குத் தரப்பட வேண்டும், கேட்டு வாங்குங்கள். ‘இதயம் நின்றது’ என்பது எல்லா மரணத்துக்கும் பொருந்தும் வாசகம். அந்த வரிக்குக் கீழே, எதனால் நின்றது என்ற இடத்தில் ஹீட் ஸ்ட்ரோக் என்று இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பிறகு திருத்தம் கேட்டு அலைவது பெரும்பாடு.

வேலையிடத்திலோ வழியிலோ இறந்தால், உடலை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரணை அறிக்கை தயாராகும், அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும். அறுத்துப் பார்ப்பது மட்டும் வெப்பத்தைக் காட்டிக்கொடுக்காது. எந்த இடம், எத்தனை மணி, என்ன வேலை, எவ்வளவு நேரம், கூரை எப்படி, முதலில் அளந்த வெப்பநிலை என்ன என்ற விவரங்கள் விசாரணை அறிக்கையிலேயே இருக்க வேண்டும். கூட இருந்தவர்களின் வாக்குமூலத்தை அன்றே பதியச் செய்யுங்கள். பரிசோதனை வேண்டாம், சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று அவசரப்படுத்துபவர் அதே இடத்தின் மேஸ்திரியாகவோ முதலாளியாகவோ இருந்தால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வேலையிட மரணத்துக்கான ஈட்டுத்தொகைக்குத் தொழிலாளர் துறையில் தனியாக மனு செய்ய வேண்டும்.

அடுத்தது தாசில்தார் அலுவலகம். மரணச் சான்று, காரணச் சான்றின் நகல், விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு மனுவைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை வாங்குங்கள். “அன்றைக்கு வெப்ப அலை அறிவிக்கவே இல்லையே” என்று ஒரு எழுத்தர் தள்ளிவிட இங்கேதான் இடமிருக்கிறது. அதனால் நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையத்தில், அருகிலுள்ள நிலையத்தின் அன்றைய பிற்பகல் உலர்குமிழ், ஈரக்குமிழ் அளவுகளைக் கேட்டு வாங்கி முன்கூட்டியே மனுவோடு இணைத்துவிடுங்கள். நிராகரித்தால் வாய்மொழியை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். பதிலே வராமல் கோப்பு கிடந்தால், அது எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.